அண்ணாவுக்குத் தொழில் நியாய சபை, தங்கைக்கு எது?

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் 7 வருடமாக எக்சிகியூட்டிவ் ஆக இருந்தேன். என் தங்கை ஓர் அமைச்சில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். 5 வருட சேவை, பதவி உறுதியாகிவிட்டது. புறக்கோட்டையில் மாமாவின் புடவைக் கடைக்கு இருவரும் சனி, ஞாயிறில் கணக்கெழுதிக் கொடுத்தோம். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய். யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ஓகஸ்ட் 4ஆம் திகதி, விசாரணை எதுவும் வைக்காமல் என்னை நீக்கிக் கடிதம் தந்தார்கள். ராஜினாமா எழுதித் தந்தால் அதைத் திரும்ப எடுப்பதாக எச்.ஆர். சொல்கிறது. தங்கைக்குக் குற்றப்பத்திரம் வந்திருக்கிறது. இனிக் கந்தோருக்கே போகமாட்டேன் என்கிறாள். ஒரு கூட்டுத்தாபனத்தில் வேலை செய்யும் மச்சான் தொழில் நியாய சபையில் வழக்குப் போட்டு வென்றவர். தங்கையையும் என்னோடு சேர்த்து அங்கேயே போடச் சொல்கிறார். போடலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்:

நீங்கள் போடலாம், தங்கை போட முடியாது. தொழில் நியாய சபைக்கு அதிகாரம் கொடுப்பது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். அதன் 49ஆம் பிரிவு, தொழில்கொள்வோர் என்ற நிலையிலுள்ள அரசுக்கும் அரசின் கீழ் வேலை செய்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று நேராகவே சொல்கிறது. உங்கள் தங்கை அங்கே மனுப்போட்டால் அவர் செய்தது சரியா பிழையா என்ற கேள்விக்கே போகாமல் மனு தள்ளுபடியாகும். அதற்குள் சில மாதங்கள் போய்விடும். அந்த மாதங்களில்தான் அவர் தன்னுடைய உண்மையான வழக்கை நடத்தியிருக்க வேண்டும்.

மச்சான் வென்றதில் ஆச்சரியம் இல்லை. கூட்டுத்தாபனங்கள், அதிகாரசபைகள், அரச வங்கிகள் அரசுக்குச் சொந்தமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அங்கே வேலை செய்பவருக்குத் தொழில்தருநர் அந்த நிறுவனமே தவிர அரசு அல்ல. ஊரில் எல்லோரும் அவரை "கவர்ன்மென்ட் வேலை" என்றே சொல்வார்கள், கலியாணத் தரகரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அரசியலமைப்பு சொல்லும் "அரசாங்க உத்தியோகத்தர்" அவர் அல்ல. இதைக் கண்டுபிடிக்கச் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டுகிறார்கள் என்றால் பெரும்பாலும் நிறுவனத்து ஆள். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வெட்டுகிறார்கள் என்றால் அரசாங்க உத்தியோகத்தர். திணைக்களங்களில் அமைய, ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்களிடம் மட்டும் இந்தச் சோதனை பிசகும். அவர்களுக்குச் சேமலாப நிதி வெட்டினாலும் தொழில்கொள்வோர் அரசுதான். அதனால் நியமனக் கடிதத்தில் யார், எந்த அதிகாரத்தின் கீழ் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இன்று ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதில் கையெழுத்துப் போடவேண்டாம்.

இப்போதைய நிலையில் கம்பனி உங்களை நீக்கியது என்பது அவர்களுடைய கடிதத்திலேயே இருக்கிறது. நீக்கியதை ஒப்புக்கொண்ட தொழில்தருநர், அது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் சுமக்கிறார். தொழில் நியாய சபையில் முதலில் சாட்சிக் கூண்டுக்கு ஏறவேண்டியது அவர்களுடைய ஆள். நீங்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்த மறுநிமிடம் இந்தச் சுமை கை மாறிவிடும். "நான் தானாக விலகவில்லை, விலக வைத்தார்கள்" என்பதை நீங்கள் நிரூபிக்கவேண்டும். உங்கள் கையெழுத்தும் "தனிப்பட்ட காரணங்களால்" என்ற வசனமும் எதிரில் இருக்கும்போது அது லேசான வேலை அல்ல. எச்.ஆர். அந்தக் கடிதத்தை இவ்வளவு கரிசனையோடு கேட்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் எதிர்கால நற்பெயர் பற்றிய கவலை அல்ல.

விசாரணை வைக்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்கு முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தனியார் துறையில் உள்ளக விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. நடத்தாதது கம்பனியின் பெயரைக் கெடுக்கும், ஆனால் அதனால் மட்டும் நீக்கம் செல்லாமல் போகாது. தொழில் நியாய சபை சாட்சியங்களைத் தொடக்கத்திலிருந்து தானே கேட்கும். உங்கள் உண்மையான விசாரணை நடக்கப்போவது அங்கேதான். சாட்சியச் சட்டத்தின் கட்டுகளும் சபைக்கு இல்லை. "நீதியும் ஒப்புரவும்" எதுவோ அதன்படி கட்டளையிடலாம். சேவை ஒப்பந்தத்தில் வேறு எது எழுதியிருந்தாலும் நிவாரணம் தரும் அதிகாரமும் அதற்கு உண்டு.

உங்கள் ஒப்பந்தத்தில் "ஊழியர் தன் முழு நேரத்தையும் கவனத்தையும் கம்பனிக்கே தரவேண்டும், வேறு வேலை கூடாது" என்பதுபோல ஒரு வாசகம் இருக்கும். அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அதை மீறினீர்களா என்பதில் பெரிய வாதம் இல்லை, மீறியிருக்கிறீர்கள். சபையில் கேள்வி வேறு: அந்த மீறலுக்கு வேலையையே பறிப்பது அளவான தண்டனையா? கம்பனி நேரத்தில் செய்தீர்களா, கம்பனியின் கணினியையோ மென்பொருளையோ பயன்படுத்தினீர்களா, மாமாவின் கடை கம்பனிக்குப் போட்டியா, வாடிக்கையாளரா, முன்பு எச்சரித்தார்களா, வேறு ஊழியர் ரியூஷன் கொடுப்பதைக் கண்டும் விட்டார்களா? கணக்குப் பிரிவு ஆள் என்பதால் கம்பனி "நம்பிக்கை இழந்தோம்" என்ற வாதத்தை எடுக்கும். பணத்தைக் கையாளுபவர் விடயத்தில் அந்த வாதத்துக்குக் கனம் உண்டு. ஆனால் நம்பிக்கை ஏன் போனது என்பதற்கு ஒரு சம்பவத்தைக் காட்டவேண்டும். மொட்டைக் கடிதம் சம்பவம் ஆகாது.

நீக்கக் கடிதத்தை இன்னொரு முறை வாசியுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய திகதிக்குப் பின்னான இரண்டாவது வேலைநாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டத்தின் விதி அது. உங்கள் கடிதத்தில் காரணம் ஏதும் இல்லாமல் "சேவை இனித் தேவையில்லை" என்று மட்டும் இருந்தால் கதை முற்றாக மாறும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். அப்போது உங்கள் முறைப்பாடு நியாய சபைக்கு அல்ல, ஆணையாளருக்கே போகவேண்டும்.

காரணம் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் உங்கள் காலக்கெடு 6 மாதம். ஓகஸ்ட் 4இலிருந்து எண்ணினால் பெப்ரவரி தொடக்கத்தில் கதவு மூடும். இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்தில் முறைப்பாடு கொடுத்து, கம்பனியைக் கூப்பிட்டுப் பேசி, அடுத்த தவணை, அதற்கடுத்த தவணை என்று 8 மாதம் ஓடும். அந்த முறைப்பாடு நியாய சபையின் மணிக்கூட்டை நிறுத்தாது. பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நவம்பர் முடியுமுன் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள். எக்சிகியூட்டிவ் தரத்தில் இருந்தவருக்கு அங்கே இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் சட்டத்தில் "வேலையாள்" என்பதற்குள் எந்தத் தகைமையில் வேலை செய்தவரும் அடங்குவார், முகாமையாளரும்கூட. சட்டத்தரணி வைத்தும் போகலாம், தொழிற்சங்கம் மூலமும் போகலாம். வென்றால் பின்சம்பளத்தோடு அல்லது அது இல்லாமல் மீண்டும் வேலை, அல்லது வேலைக்குப் பதிலாக நட்டஈடு கிடைக்கலாம். உறவு இவ்வளவு கசந்தபிறகு பெரும்பாலும் நட்டஈடுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தோற்றவர், சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கம்பனி மேன்முறையீடு செய்வதென்றால் பிணைப்பணம் கட்டவேண்டும்.

பணிக்கொடையை இந்த வழக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, நிறைவான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் உரியது. உங்கள் சம்பளம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 45,000ஐ 7ஆல் பெருக்க 315,000 ரூபாய். எட்டாம் வருடத்தின் உதிரி மாதங்கள் கணக்கில் வராது. 30 நாளுக்குள், அதாவது செப்டெம்பர் 3க்குள், தந்திருக்க வேண்டும். "ஒழுக்காற்றில் நீக்கினோம், பணிக்கொடை கிடையாது" என்று கம்பனி சொன்னால் அது பிழை. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று சேதம் செய்தது, கம்பனிப் பொருளை இழக்கச் செய்தது ஆகிய காரணங்களில் நீக்கினால் மட்டுமே பிடிக்கலாம். அப்போதும் உண்டான நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். வார இறுதியில் இன்னொரு கடைக்குக் கணக்கெழுதியது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இதற்குத் தொழில் திணைக்களமே சரியான இடம். முறைப்பாடு இன்றே கொடுக்கலாம். சேமலாப நிதியை எந்தக் குற்றச்சாட்டும் தொடாது. உங்கள் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் உங்கள் பெயரில் மத்திய வங்கியில் இருக்கிறது.

இனி தங்கை. அவருடைய நியமனக் கடிதம் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு வசனம் தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள், அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகள், காலத்துக்குக் காலம் வரும் சுற்றுநிருபங்கள் என்று முழு அலுமாரியையும் உள்ளே இழுத்துவிடும். உங்கள் ஒப்பந்தத்தைக் கம்பனி உங்களைக் கேட்காமல் அடிப்படையில் மாற்ற முடியாது. அவருடைய நிபந்தனைகளை ஒரு சுற்றுநிருபம் மாற்றிவிடும். 2022 தொடக்கத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆனது, அந்த ஆண்டு முடிவோடு திரும்ப 60 ஆனது. யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அரச சேவை ஒரு ஒப்பந்தத்தைவிட ஓர் அந்தஸ்து என்று சட்டத்தரணிகள் சொல்வதன் பொருள் இதுதான். அந்த அந்தஸ்துக்குப் பதில் கிடைப்பது பாதுகாப்பு. உறுதிப்படுத்தப்பட்ட உத்தியோகத்தரை ஓகஸ்ட் 4ஆம் திகதி காலையில் கூப்பிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவருக்குக் குற்றப்பத்திரம் வந்ததே அந்தப் பாதுகாப்பின் முதல் படி. நீங்கள் இருவரும் ஒரே காரியத்தைச் செய்தீர்கள். உங்களுக்கு முடிவு முதலில் வந்தது, விசாரணை பின்னால் வரப்போகிறது. அவருக்கு விசாரணை முதலில்.

நடத்தை விதிகள் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயத்திலும், ஒழுக்காற்று நடைமுறை 48ஆம் அத்தியாயத்திலும் இருக்கின்றன. அடிப்படை எண்ணம் சுருக்கமானது: உத்தியோகத்தரின் தனிப்பட்ட நலனும் அரச கடமையும் மோதக்கூடாது, மோதுவதுபோல் தோன்றவும் கூடாது. சம்பளத்துக்கு வெளிவேலை செய்ய முன்கூட்டியே அனுமதி வேண்டும். உங்கள் வழக்கில் "கம்பனிக்கு என்ன நட்டம்" என்று நாம் கேட்கலாம். தங்கையிடம் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அனுமதி எடுத்தாரா இல்லையா என்பதோடு குற்றம் முடிந்துவிடும். "எங்கள் பிரதானி தெரிந்தும் பேசாமல் இருந்தார்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது. எழுத்தில் இல்லாத அனுமதி அரச கந்தோரில் அனுமதியே அல்ல.

குற்றப்பத்திரத்தில் முதலில் பார்க்கவேண்டியது, எந்த அட்டவணையின் கீழ் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்பது. 48ஆம் அத்தியாயம் குற்றங்களை இரண்டு அட்டவணையாகப் பிரிக்கிறது. முதலாம் அட்டவணை பாரதூரமானது. முறைசார் விசாரணை நடந்து பதவி நீக்கம் வரை போகலாம். இரண்டாம் அட்டவணைக் குற்றங்கள் கண்டிப்பு, சம்பள ஏற்றத்தை நிறுத்துதல் போன்றவற்றோடு முடியும். அடுத்து, மாமாவின் கடைக்கும் தங்கையின் அமைச்சுக்கும் கேள்விப்பத்திரம், அனுமதிப்பத்திரம், கொள்வனவு என்று எந்தக் கொடுக்கல் வாங்கலாவது உண்டா என்று மாமாவிடமே கேளுங்கள். இல்லை என்றால் இது அனுமதி எடுக்காத குற்றம் மட்டும். உண்டு என்றால் நலன்முரண்பாடு. அப்போது விடையை எழுதுமுன் சட்டத்தரணியைப் பார்த்தே ஆகவேண்டும்.

பதிலில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, எல்லாவற்றையும் மறுப்பது. மாதாமாதம் 15,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்திருந்தால் மறுப்பு, இரண்டாவது குற்றமான பொய்க்கூற்றாகத் திரும்பி வரும். உண்மையை ஒப்புக்கொண்டு, வேலைநாளிலோ கந்தோர் நேரத்திலோ செய்யவில்லை, அமைச்சின் வளம் எதையும் பயன்படுத்தவில்லை, கடைக்கும் அமைச்சுக்கும் தொடர்பில்லை, குற்றப்பத்திரம் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன் என்று ஆதாரத்தோடு எழுதுவதே நல்லது. எழுதுமுன், குற்றப்பத்திரத்தில் சொன்ன ஆவணங்களைப் பார்வையிடவும் பிரதி எடுக்கவும் எழுத்தில் கேட்கவேண்டும். கால அவகாசம் போதாவிட்டால் அதுவும் திகதி முடியுமுன் எழுத்தில். குற்றப்பத்திரம் சிங்களத்தில் மட்டும் வந்து முழுதாக விளங்காவிட்டால் தமிழ்ப் பிரதி கேட்கலாம்; அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. விளங்காத தாளுக்கு விடை எழுதிவிட்டுப் பின்னால் "மொழி தெரியாமல் எழுதினேன்" என்றால் எடுபடாது.

பதிலை ஏற்காவிட்டால் முறைசார் விசாரணை வரும். அதில் வழக்கை நடத்தும் உத்தியோகத்தர் சாட்சிகளை அழைப்பார், தங்கைக்காக வாதிடும் உத்தியோகத்தர் குறுக்குக் கேள்வி கேட்பார், எல்லாம் எழுத்தில் பதிவாகும். தங்கை கவனம் முழுவதையும் இங்கேதான் வைக்கவேண்டும். நீங்கள் கம்பனியில் சொல்லாமல் விட்டதை நியாய சபையில் புதிதாகச் சொல்லலாம், சாட்சி அழைக்கலாம். தங்கைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. மேலே உள்ள ஒவ்வொரு படியும் பெரும்பாலும் இந்த விசாரணைக் கோப்பையே புரட்டிப் பார்க்கும். கோப்பில் இல்லாத சாட்சி நடக்காத சாட்சி. மாமாவை அழைக்கவேண்டுமென்றால் இங்கேயே அழைக்கவேண்டும், வங்கிக் கூற்று இங்கேயே போகவேண்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் பதிவை வாசித்து, சொல்லாதது எழுதியிருந்தால் அன்றே திருத்தம் கேட்கவேண்டும். விசாரணை அதிகாரி அறிக்கைதான் தருவார். தண்டனையைத் தீர்மானிப்பவர் ஒழுக்காற்று அதிகாரி. இந்தச் சேவையில் பாரதூரமான விடயங்களில் அது வழமையாக இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகம்.

அந்தக் கட்டளை பாதகமாக வந்தால் படிகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. பணிப்பாளர் நாயகம் பயன்படுத்துவது ஆணைக்குழு கையளித்த அதிகாரம் என்பதால் 58ஆம் உறுப்புரை அந்த வழியைத் தருகிறது. ஆணைக்குழுவின் முடிவும் பாதகம் என்றால் 59ஆம் உறுப்புரையின் கீழ் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை. பெயரில் "நியாயசபை" இருப்பதால்தான் உங்கள் மச்சான் போன்றவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இது 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. நீதிச்சேவை ஆணைக்குழு நியமிப்பது. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றலாம், திருத்தலாம், நீக்கலாம். ஒரு படியைத் தாவி நேரே அடுத்ததற்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு கட்டளையும் கைக்குக் கிடைத்த திகதியைக் கடித உறையோடு வைத்துக்கொண்டு, மேன்முறையீட்டை அந்த வாரமே எழுதத் தொடங்கவேண்டும்.

வழக்கமான நீதிமன்றத்துக்கு நேரே போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 61அ உறுப்புரை ஆணைக்குழுவின் ஒழுக்காற்று முடிவுகளை நீதிமன்றங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. அதில் திறந்திருப்பவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன நியாயசபை. அதன் தீர்ப்பில் சட்டப்பிழை இருந்தால் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்க வழி உண்டு. மற்றது 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இதற்குக் கெடு, மீறல் நடந்து ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டு, அங்கே விசாரணை நிலுவையில் இருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு ரசீது மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று காட்டவேண்டும். தங்கையோடு இதே காரியத்தைச் செய்த இன்னொருவருக்குக் கண்டிப்பு மட்டும் கொடுத்து இவரைப் பதவி நீக்கினால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைக் காட்டிப் போகலாம். குற்றப்பத்திரம் வந்திருக்கும் இந்தக் கட்டத்தில் போவது அவசரம், பணமும் வீண்.

கந்தோருக்குப் போகமாட்டேன் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி. தாபன விதிக்கோவையின் முதலாம் தொகுதி, 5ஆம் அத்தியாயம், 7ஆம் பிரிவு: லீவு இல்லாமல் கடமைக்கு வராதவர், வராத நாளிலிருந்தே பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவார். "பதவி வறிதாக்கல்" என்று பெயர். இதற்குக் குற்றப்பத்திரமும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். கண்டிப்போடு முடியக்கூடிய ஒரு விடயத்தில், திணைக்களத்தால் செய்ய முடியாத ஒன்றை, விசாரணை இல்லாத பதவி இழப்பை, அவர் தன் கையாலேயே செய்துகொள்வார். மனம் சரியில்லை என்றால் லீவு விண்ணப்பம் எழுதி, அனுமதி கிடைத்தபின் வீட்டில் இருக்கட்டும். அந்தக் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டால், வராததற்கான காரணத்தை ஆதாரத்தோடு தாமதமின்றி எழுதி அனுப்பவேண்டும். ராஜினாமாவும் வழியல்ல. உங்களுடையதுபோல் கொடுத்தவுடன் அது நடைமுறைக்கு வராது, நியமன அதிகாரி ஏற்கவேண்டும். ஒழுக்காற்று விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஏற்பது அரிது. ஏற்குமுன் நின்றுவிட்டால் திரும்பவும் பதவி வறிதாக்கல்தான்.

அதோடு தங்கை பேஸ்புக்கில் எதுவும் எழுதவேண்டாம். அதே 47ஆம் அத்தியாயம் அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதையும் ஒழுக்காற்றுக்கு உட்படுத்துகிறது. சமூக வலைத்தளத்துக்கும் இது பொருந்தும் என்று 2022இல் சுற்றுநிருபம் மூலம் நினைவூட்டினார்கள். ஒரு குற்றச்சாட்டோடு விசாரணைக்குப் போவது போதும்.

தங்கைக்கு உங்களிடம் இல்லாத ஒரு கருவி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விசாரணைக் குறிப்புகள், அறிக்கை, இதே குற்றத்துக்கு முன்பு கொடுத்த தண்டனைகள் ஆகியவற்றை அமைச்சின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சிலவற்றை மறுக்கவும் சட்டம் இடம்தருகிறது, ஆனாலும் கேட்டு வைப்பது மேன்முறையீட்டுக்கு உதவும். உங்கள் கம்பனியிடம் அப்படிக் கேட்க முடியாது. ஆதலால் உங்கள் சம்பளப் பட்டியல்கள், மதிப்பீட்டுக் கடிதங்கள், வேலைக்கு வந்துபோன பதிவுகள், எச்.ஆர். அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். குறிப்பாக ராஜினாமா கேட்ட அந்தச் செய்தி. அதை வாய்ப்பேச்சில் மட்டும் கேட்டிருந்தால், "ஓகஸ்ட் 4ஆம் திகதிக் கடிதத்துக்குப் பதிலாக என்னிடம் ராஜினாமா கேட்டீர்கள், நான் மறுக்கிறேன்" என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

மாமாவின் கடைக் கணக்கை இனி வேறு யாராவது எழுதட்டும். தங்கை பணம் வாங்காமல் உதவினாலும் விசாரணை முடியும்வரை அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. கம்பனி நீக்கிய நாளோடு அவர்களுடைய "முழு நேரம்" என்ற வாசகமும் உங்களை விட்டது, வேறு வேலை தேடலாம், ஏற்கலாம். எப்போது, என்ன சம்பளத்தில் சேர்ந்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். நட்டஈட்டைக் கணக்கிடும்போது சபை அதைக் கேட்கும்.